தேர்வுக் கட்டணம், கோச்சிங், புத்தகம், மறுதேர்வு: எதற்குப் பணம் கொடுக்கலாம்?

ஒரு பாஸ் மார்க் வைத்து, அதை எட்டியவர்களையெல்லாம் தேர்ச்சி என்று அறிவிக்கும் தேர்வுகளை மனதில் வைத்து எழுதுகிறேன். தொழில்முறைத் தாள்கள், உரிமத் தேர்வுகள், மொழித் தேர்வுகள் எல்லாம் இந்த வகைதான். சில இடங்களே இருந்து, அவற்றுக்குப் பலர் போட்டியிடும் தேர்வுகளுக்குக் கணக்கு வேறு. அதைக் கடைசிக்குச் சற்று முன்னால் சொல்கிறேன். பணத்தை எந்த நாணயத்திலும் எழுதாமல் 'பங்கு' என்றே எழுதுகிறேன். தேர்வுக் கட்டணம் 10 பங்கு. உங்கள் கட்டணத்துக்கு ஏற்ப மற்றவற்றை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

கட்டணம், புத்தகம், கோச்சிங் மூன்றையும் கூட்டினால் பட்ஜெட் வந்துவிடும்தானே?

வராது. அந்தக் கூட்டல், முதல் முறையிலேயே தேர்ச்சி என்று எடுத்துக்கொண்டு போட்ட கூட்டல். பலருடைய பட்ஜெட் உடைவது இரண்டாவது முறை எழுதும்போதுதான். அதற்கென்று ஒதுக்கிய பணம் எதுவும் இருக்காது. மனம் வேறு சோர்ந்திருக்கும். அந்த நேரத்தில் யார் எந்த வகுப்பைக் காட்டினாலும் சேரத் தோன்றும்.

'ஒரு முறை எழுத எவ்வளவு?' என்பதை விட்டுவிட்டு, 'தேர்ச்சி வரும்வரை எவ்வளவு?' என்று கணக்குப் போடுங்கள். அதற்கு மூன்று எண்கள் வேண்டும். ஒரு முறை எழுத ஆகும் முழுச் செலவு முதலாவது. கட்டணத்தோடு பயணம், தங்குமிடம், அன்றைய சம்பள இழப்பு எல்லாம் இதில் சேரும். இன்றைய நிலையில் உங்களுக்குத் தேர்ச்சி வாய்ப்பு எவ்வளவு என்பது இரண்டாவது. ஒரு முறை தவறினால் அடுத்த தேர்வு வரை காத்திருப்பதால் எவ்வளவு இழப்பீர்கள் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் பெரும்பாலானவர்கள் எழுதுவதே இல்லை. ஆனால் கோச்சிங் வேண்டுமா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது பல நேரம் அதுதான்.

எனக்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று நானே எப்படிச் சொல்வது?

ஐந்து மாதிரித் தேர்வுகள் எழுதுங்கள். முழு நேரம் உட்கார்ந்து, கடிகாரம் வைத்து, போனை வேறு அறையில் வைத்துவிட்டு எழுத வேண்டும். நடுவில் எழுந்து போனால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஏற்கெனவே பார்த்த வினாத்தாளும் கூடாது, நினைவில் இருக்கும் விடைகள் மதிப்பெண்ணை ஏற்றிக் காட்டிவிடும். தேர்வை நடத்தும் அமைப்பே வெளியிட்ட பழைய தாள்கள்தான் இதற்குச் சரியான அளவுகோல். தனியார் தயாரிக்கும் தாள்கள் சில தேவைக்கு மேல் கடினமாக இருக்கும், சில தேவைக்கு மேல் எளிதாக இருக்கும்.

என் சித்தி மகள் வேலை பார்த்துக்கொண்டே ஒரு தேர்வுக்குப் படித்தாள். 100 கேள்விகள், பாஸ் மார்க் 60. தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை. ஐந்து மாதிரித் தாள்களில் அவள் எடுத்தது 54, 61, 57, 63, 58. ஐந்தில் இரண்டு முறை தாண்டியிருக்கிறாள். ஆக, தோராயமாக 40 சதவீத வாய்ப்பு. ஐந்து தாள் என்பது சின்ன அளவுதான், இதைத் துல்லியமான எண் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் "நல்லாத்தான் படிச்சிருக்கேன்" என்ற உணர்வைவிட இது நம்பகமானது.

கோச்சிங் சேர்ந்தால் லாபமா நஷ்டமா என்று கணக்கிட முடியுமா?

முடியும். அவளுடைய கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். ஒரு முறை எழுத 12 பங்கு: கட்டணம் 10, பயணமும் விடுப்பும் 2. தேர்ச்சி பெற்றால் கிடைக்கும் சம்பள உயர்வு, ஆறு மாதம் தள்ளிப்போனால் 30 பங்கு இழப்பு. கோச்சிங் நிறுவனம் கேட்டது 40 பங்கு.

வாய்ப்பு 40 சதவீதமாகவே இருந்தால், தேர்ச்சிக்குச் சராசரியாக இரண்டரை முறை எழுத வேண்டும் (1-ஐ 0.4-ஆல் வகுத்தால் 2.5). எழுதும் செலவு 30 பங்கு. அதில் ஒன்றரை முறை தோல்வி, அதனால் காத்திருப்பு இழப்பு 45. மொத்தம் 75.

கோச்சிங் அவளுடைய வாய்ப்பை 70 சதவீதமாக உயர்த்தும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டோம். சராசரியாக 1.43 முறை. எழுதும் செலவு 17, காத்திருப்பு இழப்பு 13, வகுப்புக்கு 40. மொத்தம் 70. ஐந்து பங்குதான் மிச்சம். அதுவும் 70 சதவீதம் என்ற நம் ஊகம் சரியாக இருந்தால் மட்டும்.

இங்கே காத்திருப்பு இழப்பை எடுத்துவிட்டுப் பாருங்கள். கோச்சிங் இல்லாமல் 30, கோச்சிங்கோடு 57. அதாவது, தேர்ச்சி தள்ளிப்போவதால் உங்கள் வருமானத்துக்கோ வேலைக்கோ எந்தப் பாதிப்பும் இல்லையென்றால், மறுபடி மறுபடி எழுதுவதே மலிவு. தள்ளிப்போக முடியாதவர்களுக்குத்தான் பெரிய வகுப்புக் கட்டணம் நியாயமாகிறது. ஒரே வகுப்பு ஒருவருக்கு லாபமாகவும் இன்னொருவருக்கு வீணாகவும் இருப்பது இதனால்தான். தோழிக்குப் பயன்பட்டது என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவில் வழி இல்லையா?

இருக்கிறது. அதற்கு முதலில், மதிப்பெண் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

அவளிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. ஐந்து தாள்களிலும் சேர்த்து 207 கேள்விகளில் மதிப்பெண் போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றையும் மூன்று பத்திகளில் பிரித்தோம்: தெரியாதது, தெரிந்தும் தவறியது, நேரம் போதாமல் விட்டது. தெரியாதது 118, கவனக்குறைவு 37, நேரம் 52. அதோடு நிறுத்தாமல், தெரியாத 118-ஐப் பாடவாரியாகவும் பிரித்தோம். 79 கேள்விகள் இரண்டே பாடங்களில் இருந்தன.

அப்புறம் முடிவு எடுப்பது கடினமாக இல்லை. 40 பங்கு வகுப்பு பாடத்திட்டம் முழுவதையும் எடுக்கும், அதில் முக்கால்வாசி அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அந்த இரண்டு பாடத்துக்கு மட்டும் ஒரு ஆசிரியரிடம் எட்டு மணி நேரம் படித்தாள், 8 பங்கு ஆயிற்று. வாய்ப்பு 55 சதவீதமாக உயரும் என்று அடக்கமாகத்தான் எடுத்துக்கொண்டோம். அப்படியும் எழுதும் செலவு 22, காத்திருப்பு 24, ஆசிரியருக்கு 8, மொத்தம் 54 பங்கு. 75, 70, 54 என்ற மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய பிறகு வீட்டில் யாரும் பேச்சை வளர்க்கவில்லை.

உங்கள் நோட்டில் வேறு படம் வரலாம். நேரம் போதாமல் விட்டவையே அதிகம் என்றால் எந்த வகுப்பும் பெரிதாக உதவாது, கடிகாரத்தோடு இன்னும் பத்துத் தாள்கள் எழுதுவதுதான் மருந்து, அதற்குச் செலவும் குறைவு. கவனக்குறைவு அதிகம் என்றால் பணமே தேவையில்லை. தெரியாதவை எல்லாப் பாடங்களிலும் பரவிக் கிடக்கின்றன, பாடத்தைத் தனியாகப் படித்து முடிக்கும் பழக்கமும் இல்லை என்றால் மட்டும் முழு வகுப்பை யோசிக்கலாம்.

நிறுவனம் 'தேர்ச்சி உத்தரவாதம்' தருகிறது. நம்பலாமா?

அந்த வார்த்தையை விட்டுவிட்டு ஒப்பந்தத்தைப் படியுங்கள். பல இடங்களில் உத்தரவாதம் என்றால், தவறினால் அடுத்த வகுப்பில் இலவசமாக உட்காரலாம் என்றுதான் அர்த்தம். பணம் திரும்ப வராது. அதற்கும் குறிப்பிட்ட வருகைப்பதிவு, எல்லா மாதிரித் தேர்வுகளும் எழுதியிருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கும்.

தேர்ச்சி சதவீதத்தை விளம்பரத்தில் பார்த்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள்? நடுவில் நின்றவர்களையும் தேர்வுக்கே போகாதவர்களையும் கணக்கிலிருந்து நீக்கினால் எந்த நிறுவனத்தின் சதவீதமும் அழகாகத் தெரியும். நுழைவுத் தேர்வு வைத்து நன்றாகப் படிப்பவர்களை மட்டும் சேர்க்கும் இடத்தில், வெற்றி வகுப்பால் வந்ததா பிள்ளைகளால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நான் படித்த காலத்தில் முழுக் கட்டணத்தையும் முதல் நாளே கட்டினேன். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். ஆறாவது வாரத்தில் நல்ல ஆசிரியர் மாறிப் போனார், புதியவர் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். திரும்பக் கேட்டபோது, வகுப்பு தொடங்கிய பிறகு திருப்பித் தருவதில்லை என்ற வரியைக் காட்டினார்கள். நான் கையெழுத்துப் போட்ட தாளில்தான் அது இருந்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் ஒன்றே சொல்கிறேன்: தள்ளுபடி போனால் போகட்டும், தவணையில் கட்டுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் ஒரு மாதிரித் தாள் எழுதுங்கள். இரண்டு தவணை கட்டியும் மதிப்பெண் நகரவில்லை என்றால் மூன்றாவதைக் கட்டாதீர்கள்.

எத்தனை புத்தகம் வாங்க வேண்டும்?

பாடத்துக்கு ஒன்று, அப்புறம் பழைய வினாத்தாள்கள். இதற்கு மேல் வாங்கும் புத்தகங்களில் பெரும்பாலானவை முதல் இரண்டு அத்தியாயம் மட்டும் அழுக்காகிக் கிடக்கும்.

திரும்பத் திரும்ப வாசிப்பதற்கும் மூடிவைத்து நினைவுபடுத்திப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்கள் முன்னால் இருந்தார்கள். புதிய புத்தகம் வாங்கினால், தெரிந்த விஷயத்தையே வேறு வார்த்தைகளில் வாசித்துப் படித்தது போன்ற நிம்மதி வரும். அதே பணத்துக்கு வினாத்தாள் தொகுப்பு வாங்கினால் நிம்மதி வராது, மதிப்பெண் வரும்.

பழைய புத்தகம் வாங்கலாம், தயங்க வேண்டாம். பதிப்பு எண்ணைப் பார்ப்பதைவிட, நடப்புப் பாடத்திட்டத்தை அச்செடுத்துப் புத்தகத்தின் பொருளடக்கத்தோடு ஒவ்வொரு தலைப்பாக ஒப்பிடுங்கள். கணிதம், இலக்கணம் போன்றவற்றில் பத்து வருடப் புத்தகமும் உழைக்கும். சட்டம், வரி, கணக்கியல் விதிகளில் ஒரு வருடப் பழசுகூட ஆபத்து, அங்கே மட்டும் புதிதே வாங்குங்கள்.

தேர்வு நடத்தும் அமைப்புகள் பல இலவசமாகவே பயிற்சித் தாள் தருகின்றன. வெளிநாட்டு மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ-க்கு அதை நடத்தும் அமைப்பே இலவச மாதிரித் தேர்வுகளைக் கொடுக்கிறது. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி-க்கு, கான் அகாடமி என்ற இலவசக் கல்வி இணையதளத்தில் 2015 முதல் அதிகாரபூர்வ இலவசப் பயிற்சி இருக்கிறது. பணம் கொடுத்து வாங்குமுன் இவற்றைத் தீர்த்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

மறுதேர்வுக்கு எவ்வளவு ஒதுக்கி வைக்கலாம்?

55 சதவீத வாய்ப்பு இருப்பவர்களில் ஐந்தில் ஒருவர் இரண்டு முறையும் தவறுவார். மூன்று முறையும் தவறுவது பதினொன்றில் ஒருவர். ஆகவே இந்த நிலையில் இருப்பவர் மூன்று முறைக்கான முழுச் செலவை, அதாவது 36 பங்கை, முதலிலேயே தனியாக எடுத்து வைக்க முடிந்தால் நல்லது. இரண்டு முறைக்காவது இல்லையென்றால் கோச்சிங் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டு மறுதேர்வுக் கட்டணத்துக்குக் கடன் வாங்குவது தலைகீழான வரிசை.

பதிவு செய்யும் முன் மறுதேர்வு விதிகளையும் படித்துவிடுங்கள். மொத்தத் தேர்வையும் எழுத வேண்டுமா, தவறிய பகுதியை மட்டும் எழுதலாமா என்பதில் செலவு பாதியாகலாம். எத்தனை முறை எழுதலாம் என்ற வரம்பும் உண்டு: நிதித் துறையினர் எழுதும் சிஎஃப்ஏ தேர்வில் ஒரு நிலைக்கு மொத்தம் ஆறு முறை, அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வில் ஒரு கட்டத்துக்கு நான்கு முறை. முடிவு எத்தனை நாள் செல்லும் என்பதும் பணம்தான். ஐஇஎல்டிஎஸ், டோஃபல் போன்ற ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்களை இரண்டு வருடம்தான் ஏற்பார்கள், ஜிஆர்இ ஐந்து வருடம். விண்ணப்பிக்க மூன்று வருடம் இருக்கும்போது மொழித் தேர்வை இப்போதே எழுதி வைத்தால், அந்தக் கட்டணத்தை இன்னொரு முறை கட்ட வேண்டிவரும்.

கட்டணச் சலுகை கிடைக்குமா என்பதையும் பதிவுக்கு முன்னாலேயே விசாரியுங்கள். கட்டிய பிறகு சலுகைக்குத் தகுதி இருந்தது என்று தெரிந்தால் பெரும்பாலும் பணம் திரும்ப வராது.

தயாராகவில்லை என்று தோன்றுகிறது. கட்டணம் கட்டித் தேதியை மாற்றலாமா?

அடுத்த தேதி எவ்வளவு தள்ளி வருகிறது என்பதைப் பொறுத்தது. வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் நடக்கும் தேர்வு என்றால், முறைகளுக்கு வரம்பு இல்லாதவரை போய் எழுதிவிடுங்கள். தள்ளிப்போட்டாலும் ஆறு மாதம் போகும், தவறினாலும் அதே ஆறு மாதம்தான். எழுதினால் 40 சதவீத வாய்ப்பாவது கையில் இருக்கும், கட்டணமும் ஏற்கெனவே போய்விட்டது.

எந்த மாதமும் எழுதக்கூடிய தேர்வு என்றால் கணக்கு மாறும். தேதி மாற்ற 3 பங்கு என்று வைப்போம். அந்த ஒரு மாதத்தில் வாய்ப்பு 40-லிருந்து 55 ஆகும் என்றால், ஒரு தோல்விக்கு ஆகும் 12 பங்கில் 15 சதவீதம், அதாவது 2 பங்குக்குச் சற்றுக் குறைவுதான் மிச்சமாகும். 3 கொடுத்து 2 மிச்சம் பிடிப்பதாகிறது. முறைகளுக்கு வரம்பு இருந்தாலோ, தவறியபின் நீண்ட காலம் காத்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தாலோ மட்டும் தேதி மாற்றுவது பொருந்தும்.

மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டலாமா?

கட்டுரை வகை விடைகள், எல்லையிலிருந்து ஓரிரு மதிப்பெண் குறைவு என்றால் கட்டலாம். சில அமைப்புகள் மதிப்பெண் மாறினால் கட்டணத்தைத் திருப்பித் தரும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கணினியே திருத்தும் கொள்குறித் தேர்வில் மாற்றம் வர இடமே குறைவு, அந்தப் பணம் மறுதேர்வுக்குப் போகட்டும். மறுகூட்டல் என்பது வேறு, மறுமதிப்பீடு என்பது வேறு. எதற்குக் கட்டுகிறீர்கள் என்று படிவத்தில் பார்த்துக் கட்டுங்கள்.

போட்டித் தேர்வுக்கும் இதே கணக்குதானா?

இல்லை. அங்கே எல்லைக்கோடு மற்றவர்களைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் நகரும், வாய்ப்பும் மிகக் குறைவாகவே இருக்கும். 'சராசரியாக இத்தனை முறை' என்று கணக்கிட்டால் வயது வரம்பே முடிந்துவிடும். அதனால் தேர்ச்சி வரும்வரை ஆகும் செலவைக் கணக்கிடாமல், எத்தனை முறை, எவ்வளவு பணம், எந்த வயது வரை என்ற மூன்று எல்லைகளைத் தொடங்கும் முன்னாலேயே எழுதி வைக்க வேண்டும். அந்தத் தேர்வுக்குப் படித்தது வேறு எந்தத் தேர்வுக்கும் வேலைக்கும் உதவும் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அது ஒன்றுமில்லை என்றால் எல்லையைச் சின்னதாக வையுங்கள்.

மூன்று முறை எழுதிவிட்டேன். இவ்வளவு செலவழித்துவிட்டு இப்போது விடுவது எப்படி?

உங்கள் வலி புரிகிறது. ஆனால் போன பணம் இரண்டு வழியிலும் திரும்பாது, ஆகவே அதைக் கணக்கில் வைக்காதீர்கள். மூன்று முறைக்கான மாதிரித் தாள் மதிப்பெண்களைத் தேதி வாரியாக ஒரே தாளில் எழுதுங்கள். 48, 53, 57 என்று ஏறி வந்திருந்தால் இன்னொரு முறைக்கான 12 பங்கு நியாயமான செலவு. 56, 54, 57 என்று அங்கேயே நின்றால், அதே முறையில் நான்காவது தடவை எழுதக் கட்டணம் கட்ட வேண்டாம். முதலில் அந்த மூன்று பத்தி நோட்டைப் போடுங்கள். எந்தப் பத்தி பெரிதாக இருக்கிறதோ அதற்கு மட்டும் 5 அல்லது 8 பங்கு செலவழித்து, இரண்டு மாதம் கழித்துப் புதிதாக மூன்று தாள்கள் எழுதிப் பாருங்கள். அப்போதும் 60-ஐ ஒருமுறைகூடத் தொடவில்லை என்றால் இந்தத் தேர்வுக்குப் பதிவு செய்ய வேண்டாம். மிச்சமிருக்கும் பணம் வேறு வழிக்கு உதவும்.

என் சித்தி மகள் இரண்டாவது முறையில் 66 எடுத்தாள். ஒதுக்கி வைத்த 36 பங்கில் 12 அப்படியே இருந்தது, அதை அடுத்த தாளுக்குக் கட்டணமாகக் கட்டினாள்.